ஐந்தாவது கேள்வி

எங்கள் ரோஜாப் பண்ணையின் வேளாண் இஞ்சினியர் கில்தார்தோ எழுதும் மின்னஞ்சலைப் படித்து முடிக்க ஒரு நாள் லீவு போட வேண்டும். வணக்கம் சொல்லவே நாலு வரி எடுத்துக்கொள்வார். பிறகு மழை, பனி, ரோஜாச் செடியின் மனநிலை, துன்ஹா ஊரில் தனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர். இத்தனைக்கும் நடுவில் எங்காவது ஒரு கேள்வி ஒளிந்துகொண்டிருக்கும்.

அதைத் தேடிப் பிடித்துப் பதில் சொல்ல வேண்டியவர் தோன்யா லிகியா. பண்ணையின் மேலாளர். ஜனவரி பிறந்தால் அவர் மியாமிக்குப் போய்விடுவார். காதலர் தினத்துக்கு ரோஜா வாங்குகிறவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் கைபேசியில்தான் மெயில் பார்ப்பார். போன் அடித்தால் எடுக்க மாட்டார். நான் யாநெத், பண்ணை அலுவலகத்தில் ஒன்பது வருடமாக எல்லாக் காகிதமும் என் மேஜை வழியாகத்தான் போகும்.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு கில்தார்தோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பாருங்க யாநெத், மூணு வாரமா ஒரு மெயிலுக்கும் ஒழுங்கான பதில் இல்ல. கடைசி மெயில்ல பதினோரு கேள்வி கேட்டிருந்தேன். 'சரி, நன்றி'ன்னு அனுப்பியிருக்காங்க. எதுக்குச் சரி? எதுக்கு நன்றி?"

"உங்க மெயில் முடிஞ்சதேன்னு நன்றி சொல்லியிருப்பாங்க."

"சிரிங்க, சிரிங்க. இன்னைக்கு எழுதினதுக்கு இன்னைக்கே பதில் வேணும். நாளைக்குப் பூ வெட்டு ஆரம்பிக்கணும்."

"இங்க அனுப்புங்க. நான் ஒழுங்கு பண்ணித் தரேன். அந்தம்மா லிப்ட்ல போற நேரத்துல பதில் சொல்ற மாதிரி."

அவருக்கு அது பிடிக்கவில்லை. எழுதியதை இன்னொருத்தர் தொடுவது அவருக்குத் தலைமுடியை இன்னொருத்தர் சீவிவிடுவது போல. ஆனாலும் அனுப்பினார். அனுப்பிவிட்டு ஒன்பதாம் பிளாக் பசுமைக்குடிலுக்கு ஓடினார், மருந்து அடிக்கும் வேலை இருந்தது.

நான் மெயிலை அச்செடுத்து, கேள்விக்குறி இருந்த இடத்தில் எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். மொத்தம் பதினான்கு. அதில் நாலு வெறும் புலம்பல்: 'இந்தப் பனியை யாரிடம் போய்ச் சொல்வது?' என்கிற ரகம். மூன்று, ஏற்கெனவே கேட்டதையே வேறு வேறு பாவாடை கட்டிக் கேட்டது. மிச்சம் ஏழு. எதற்கு முதலில் பதில் வேண்டுமோ அதை மேலே வைத்து வரிசைப்படுத்தினேன். முடிந்தவரை ஒவ்வொன்றின் கடைசியிலும் 'ஆமாம் / வேண்டாம்' அல்லது 'அ / ஆ' என்று போட்டேன், எண்ணும் ஒரு சொல்லும் தட்டினால் போதும் என்று. தலைப்பில், 'ஏழு கேள்விகள், இன்று ஐந்து மணிக்குள் பதில் தேவை' என்று எழுதினேன். ஒரு கேள்வி ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம். பேராசிரியர் வரும் பத்தியைப் பார்த்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது. அதன் கடைசி வரியில் இருந்த கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே இருந்ததை அடித்துவிட்டேன். இரண்டு பக்கம், கைபேசித் திரை ஒன்றில் அடங்கிவிட்டது. எனக்கே என் மேல் பெருமை பொங்கியது, அதை மறைப்பானேன்.

மூன்று ஐம்பதுக்கு கில்தார்தோ பெயரில் அனுப்பினேன். மூன்று ஐம்பத்தாறுக்குப் பதில் வந்துவிட்டது.

'1. ஆமாம். 2. ஆ. 3. வேண்டாம். 4. அறுபது சென்டிமீட்டர் தண்டு மட்டும். 5. ஆமாம். 6. வெள்ளிக்கிழமை. 7. நான் வந்த பிறகு. இனி எப்போதும் இப்படியே எழுதுங்கள்.'

ஆறே நிமிடம்! மூன்று வாரமாக வாய் திறக்காத மனுஷி. நான் அதை அச்செடுத்து, கில்தார்தோ திரும்பி வந்ததும் கொடியேற்றுகிறவளைப் போல நீட்டினேன்.

அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்தில் விரல் நின்றது.

"அஞ்சுக்கு ஆமான்னா சொல்லியிருக்காங்க?"

"எழுதியிருக்கே. கண்ணு தெரியலையா?"

"இல்ல... எல்லாம் படிச்சுட்டுத்தான சொல்றாங்க?"

"படிக்காமலா ஏழுக்கும் பதில் வரும்?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். தன் காவியத்தை நான் ஏழு வரியாக நறுக்கிவிட்ட கோபம் என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளட்டும், வேலை நடந்ததே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவர் என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கையில் காபி ஆறிப்போய் இருந்தது. தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"கல்லு மனசு யாநெத் அந்தம்மாவுக்கு. பத்து வருஷமா தெரியும், இப்படின்னு நினைக்கல."

"என்ன ஆச்சு?"

"பதினாலு மணி நேரம்தான் ஆகுதுன்னு எழுதியிருந்தேன். தெரிஞ்சே ஆமான்னுட்டாங்க."

"எது பதினாலு மணி நேரம்?"

அவர் என்னைப் பார்த்தார். "அஞ்சாவது கேள்விதான். நீங்கதான அனுப்பினீங்க?"

நான் கணினியைத் திறந்தேன். நான் அனுப்பியது திரையில் வந்தது.

'5. ஒன்பதாம் பிளாக்கில் நாளை காலை ஆறு மணிக்கு வெட்டு ஆரம்பிக்கலாமா? ஆமாம் / வேண்டாம்.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே அவருடைய பழைய மெயிலைத் திறந்தேன். பேராசிரியர் பத்தி. நான் கொட்டாவி விட்ட பத்தி.

'ஒன்பதாம் பிளாக்கில் இலைப்பேன் வந்திருக்கிறது, இன்று மாலை நாலு மணிக்கு மருந்து அடிக்கிறோம். துன்ஹாவில் என் பேராசிரியர் சொல்வார், செடிக்கு அடிக்கும் மருந்து மனிதனையும் அடிக்கும் என்று. இந்த மருந்தின் சீட்டில், அடித்த இருபத்துநாலு மணி நேரத்துக்கு யாரும் உள்ளே போகக் கூடாது என்று இருக்கிறது. ஆறு மணிக்கு வெட்டினால் பதினாலு மணி நேரம்தான் ஆகியிருக்கும். காத்திருந்தால் நாளைய விமானம் போய்விடும், நாற்பது பெட்டி தங்கிவிடும். இப்படி இருக்கும்போது காலை ஆறு மணிக்கு வெட்டு ஆரம்பிக்கலாமா?'

கடைசி வரிக்கு மேல் இருந்த அத்தனையும் என் கையால், சிவப்புப் பேனாவால், நான் அடித்தது.

"இஞ்சினியர், உள்ள யார் இருக்கா?"

"இருபத்திரண்டு பேர். ஆறு மணிக்கே போய்ட்டாங்க. முகமூடி குடுத்திருக்கேன்..."

"அந்தம்மாவுக்கு மருந்து அடிச்சதே தெரியாது! நான் எழுதல! நான் எழுதவே இல்ல!"

அவர் எழுந்த வேகத்தில் காபி மேஜையெல்லாம் கொட்டியது. இருபத்திரண்டு பேரில் ஒருத்தி என் தங்கை நூரி.

அலுவலகத்திலிருந்து ஒன்பதாம் பிளாக்குக்கு நானூறு மீட்டர் இருக்கும். நான் ஓடினேன். ஐம்பது வயதை நெருங்கும் உடம்பு, பள்ளிக்கூடத்தோடு ஓட்டத்தை விட்டது, என்றாலும் கில்தார்தோவை முந்திவிட்டேன். பிளாஸ்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு கத்தினேன்.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! பூவைப் போடுங்க!"

"என்ன யாநெத், தீப்பிடிச்சிருச்சா?" என்று யாரோ சிரித்தார்கள். உள்ளே சூடு, முகமூடியைப் பாதிப் பேர் கழுத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். நூரி மூன்றாவது பாத்தியில் நின்றிருந்தாள். முகம் முழுக்க வேர்வை, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, தலை சுத்துது. காலைல ஒண்ணும் சாப்பிடல, அதான் போல."

"சாப்பாடு இல்லடி. வா. வா சொல்றேன்."

கில்தார்தோ குழாயைத் திறந்துவிட்டார். கை, முகம், கழுத்து எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தோம். மேல்சட்டைகளைக் கழற்றி ஒரு சாக்கில் திணித்தோம். பத்தொன்பது பேருக்கு ஒன்றும் இல்லை, மூன்று பேருக்கு வாந்தி நிற்கவில்லை. அந்த மூவரில் நூரியும் உண்டு. பண்ணையின் வேனில் ஏற்றினோம்.

நூரியின் தலை என் மடியில் இருந்தது. ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைபேசியில் தட்டினேன். எனக்குப் பயம், அழுகை, என் மேலேயே காறித் துப்பலாம் போல ஆத்திரம். எழுத்துப் பிழை வந்தது, திருத்தவில்லை.

'5. ஒன்பதாம் பிளாக்கில் நேற்று மாலை நாலு மணிக்கு மருந்து அடித்தோம். இருபத்துநாலு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது என்று சீட்டில் இருக்கிறது. இன்று மாலை நாலுக்கு முன் வெட்டினால் ஆட்களுக்கு விஷம் ஏறும், காத்திருந்தால் விமானம் போய்விடும், நாற்பது பெட்டி நட்டம. வெட்டலாமா? ஆமாம் / வேண்டாம். மூன்று பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். நேற்று இதை எழுதாமல் விட்டது நான்.'

அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் கைபேசி அதிர்ந்தது.

'5. வேண்டாம். ஒருத்தரையும் உள்ளே விடாதே. எந்த ஆஸ்பத்திரி?'

சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் சின்னப் பெண். மூவரின் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றாள்.

"என்ன மருந்து? சீட்டு இருக்கா?"

கில்தார்தோ சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். நேற்றிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது, தோன்யா லிகியாவின் பதிலோடு சேர்த்து மடித்து. டாக்டர் அதைப் படித்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபத்துநாலு மணி நேரம்னு இவ்வளவு பெருசா போட்டிருக்கே. படிக்கத் தெரியும்தான?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது, எதிர்த்துக் கேட்கப் பயந்திருக்கிறார். கோழை என்று திட்ட என் வாய் வரை வந்தது. எந்த முகத்தோடு திட்டுவேன்?

ஊசி போட்டு, கையில் குழாய் மாட்டி, சாயங்காலம் வரை பார்க்க வேண்டும், நேரத்தோடு கொண்டு வந்ததால் தேறிவிடுவார்கள் என்றாள் டாக்டர். பத்து மணி வாக்கில் நூரிக்கு வாந்தி நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தம்மாதான் வெட்டச் சொன்னாங்கன்னு இஞ்சினியர் காலைல சொன்னாரு. நாங்கல்லாம் மருந்து வாடையில அவங்களைத் திட்டிக்கிட்டேதான் உள்ள போனோம்."

நான் கைபேசியை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன். அவள் பார்வை மங்கியிருந்தது, நானே படித்துக் காட்டினேன்.

"வேண்டாம்னா சொல்லியிருக்காங்க?" என்றாள். "இதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாங்க?"

"ஒரு நிமிஷம் கூட இல்ல."

"அப்புறம் நேத்து ஏன் சொல்லல?"

"நேத்து நான் அதைக் கேக்கவே இல்லடி."