யூஜின் அனுப்பிய வேலை

உடன் ஆய்வு செய்த யூஜின் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகும் ரெனிதாவுக்கு அவனிடமிருந்து மெயில் வந்துகொண்டிருந்தது. நீரியல் ஆய்வாளர்களின் மெயில் குழுமத்தில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்தவர்களுக்கான ஆய்வு வேலை என்று எது வந்தாலும் அவளுக்கும் தானாகப் போகும்படி அவன் செய்துவைத்திருந்தான்.

“அந்த மெயில நிறுத்தித் தொலையேன்டி,” என்றாள் அம்மா தெரசா.

“நிறுத்திட்டா வேலைய நீயா வாங்கித் தருவ?”

இன்று வந்த ஜெர்மனி அறிவிப்பு அவளுக்கென்றே எழுதியது போலிருந்தது. நிலத்தடி நீர், இரண்டு வருடம், உடனே சேர வேண்டும். அந்த ஆய்வகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். உறுப்பினர் படங்களின் கடைசியில் யூஜின் சிரித்தான். கீழே, ‘விரைவில் இணைகிறார்’.

ஜெர்மனியில் இடம் கிடைத்ததாகச் சொன்னவன், விசா வந்ததும் எந்த லேப் என்று சொல்வதாக இருந்தான்.

காலியானது அவன் இடம்.

விண்ணப்பத்தின் கடைசிக் கேள்வி, இந்த வேலையைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார்?

ரெனிதா உள்ளதைத்தான் எழுதினாள்.