டயாலிசிஸ் வேலைக்குப் போக நினைத்தபோது

என் கணவர் இறந்த பிறகு வீட்டில் யாராவது சம்பாதித்தாக வேண்டியிருந்தது. நான் கணக்கு பார்த்த கடையையும் மூடியிருந்தார்கள். மிச்சம் எனக்குப் பழகியது அவரோடு போய் டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான். அதையே படித்து டெக்னீஷியன் ஆகலாமா என்று நாத்தனாரிடம் கேட்டேன்.

"என்னைக் கேட்டா? அந்த வேலைல இருக்கறவங்களைக் கேளுங்க, அண்ணி."

லிங்க்ட்இனில் தேடி, வேறு ஊரில் பல வருடமாக அந்த வேலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எழுதினேன். அனுப்பும் முன் நாத்தனார் போனை வாங்கிப் படித்தாள்.

"இது மெசேஜா, இரங்கல் கூட்டமா? முன்ன பின்ன தெரியாதவங்க, வேலைக்கு நடுவுல பாப்பாங்க. நாலு வரி போதும். வேலை வாங்கித் தாங்கன்னு கேக்காதீங்க. அவங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு கேள்வி கேளுங்க."

"உங்க அண்ணனைப் பத்தி எழுதினது?"

"அண்ணனையும் எடுத்துடுங்க."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: 'வணக்கம் மேடம். கடையில் கணக்கு பார்த்தவள். நாற்பது வயதுக்கு மேல் டயாலிசிஸ் டிப்ளமோ படிக்க நினைக்கிறேன். இந்த வயதில் தொடங்கினால் எது முடியாமல் போகும்? நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும்.'

பதில் வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்துச் சலித்து விட்டுவிட்டேன். பிறகொரு நாள் அந்தப் பெண்ணின் குரலிலேயே பதில் வந்திருந்தது. பின்னால் ஏதோ மெஷின் கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, இப்பத்தான் பாத்தேன், தப்பா நினைக்காதீங்க. மெஷினுக்கு ஊத்தற மருந்துத் தண்ணி கேன் தூக்கணும், ஷிஃப்ட் முழுக்க நிக்கணும், இடுப்பு போயிடும். அதெல்லாம் பழகிடும். சேர்றதுக்கு முன்னாடி எந்த சென்டர்ல பயிற்சி தருவாங்கன்னு காலேஜ்ல கேளுங்க. மெஷினைத் தொடவிடாமலே சர்டிபிகேட் குடுக்கற இடமும் இருக்கு. ஆனா முடியாமப் போறது வேற. வருஷக்கணக்கா நாம ஊசி போட்டவங்க ஒருநாள் வரமாட்டாங்க. அவங்க நாற்காலில வேற ஆள் உக்காந்திருப்பாங்க. அந்தப் புது ஆள்கிட்ட சிரிச்சுப் பேசிட்டே ஊசி போடணும். என்கூடப் படிச்சவங்க ரெண்டு பேர் அது முடியாமத்தான் விட்டுட்டாங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஷிஃப்ட் நின்னு பாருங்க. தெரிஞ்ச சென்டர் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது, நன்றி என்று மட்டும் பதில் போட்டேன்.

மறுநாள், என் கணவருக்கு டயாலிசிஸ் செய்த சென்டர் நர்ஸைப் போனில் கூப்பிட்டேன். குரலை வைத்தே கண்டுபிடித்து "அக்கா!" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். டாக்டரிடம் கேட்டு வந்து, "எப்ப வர்றீங்க? திங்களா, செவ்வாயா?" என்றாள்.

திங்கள், புதன், வெள்ளி என் கணவர் டயாலிசிஸுக்குப் போன நாட்கள்; ஜன்னலோரம் அவர் நாற்காலி. செவ்வாய் வருகிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. செவ்வாய் என்று வாய்வரை வந்தது. அன்று நின்று பார்த்து எனக்கு என்ன தெரியப்போகிறது?

"திங்களே வரேம்மா," என்றேன். "ஜன்னலோர நாற்காலில இப்ப யாரு?"

"ஒரு வாத்தியார். ரொம்பப் பேசுவாரு."

"சரி. அவர் பக்கத்துலயே நிக்கறேன்."