ஏழாம் எண்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு மேல்மாடியில் அந்த கேம் கம்பெனி இருந்தது. கபடி கேமுக்கு ஆறு அணிகள். ஜோதிகா வரைந்ததோ ஒரே ஆட்டக்காரனை. பாரிவாக்கம் மைதானத்தில் தம்பி டில்லிபாபு ஆடுவதை போனில் படமெடுத்து, இடது தோள் முதலில் படும்படி அவன் விழுவதுவரை எண்பத்து நான்கு அசைவுகளாகப் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருந்தாள். நிறமும் அவனுடையதே. "கேம்ல வர்றது நீதான்டா" என்று அவனிடம் சொல்லியும் விட்டாள்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நிறம் இல்லை, எண்தான் இருந்தது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனிப் பட்டியல். இரண்டு முதல் நான்கு வரை சட்டை. ஐந்து முதல் ஏழு வரை தோல். சட்டையின் மூன்று நிறங்களை மாற்றினால் சிவப்பு அணி நீல அணியாகிவிடும். கோடு ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். ஆறு பட்டியல்களும் ஒரே காலையில் முடிந்தன. மஞ்சளுக்கு மட்டும் நிழல் அழுக்குப் பச்சையாகத் தெரிந்ததால், அதை ஆரஞ்சுப் பக்கம் நகர்த்தினாள்.

மதியம் நிர்வாகி சுரேகா வந்தாள். "ஜோதி, விளையாடறவங்களுக்கு எப்பவும் சிவப்பு டீம்தான். அதுல மட்டும் ஆளு கொஞ்சம் கலரா இருக்கணும்னு பப்ளிஷர் கேக்கறாங்க. எதிர் டீம் அப்படியே இருக்கட்டுமாம்."

ஜோதிகா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "முடியாது மேடம். தோல் நிழலுக்கு வெச்ச ஏழாம் நம்பரையே டவுசர் ஓரத்துக்கும் வெச்சுட்டேன். அத மாத்துனா இதுவும் மாறிடும். எண்பத்து நாலையும் திரும்பத் தொடணும்."

"ரெண்டு வாரம் ஆகுமா?"

"மேலயே ஆகும்."

சுரேகா பெருமூச்சு விட்டாள். "அப்ப விட்டுடலாம்னு சொல்லிப் பாக்கறேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த புரோகிராமர் வினோத் உதவிக்கு வந்தான். "இருங்க மேடம், பாத்துரலாம்." ஏழாம் எண்ணுக்குப் பளீரென்ற பச்சையைக் கொடுத்து, எண்பத்து நான்கையும் ஓடவிட்டான். கழுத்தடியிலும் முழங்கால் மடிப்பிலும் பச்சை மின்னியது. டவுசரில் ஒரு புள்ளிகூட இல்லை.

"நீதான் மறந்துட்ட ஜோதி. சுத்தமா பிரிச்சு வெச்சிருக்க. இவ்ளோ நீட்டா யாரும் பண்ண மாட்டாங்க மேடம்."

சுரேகா ஜோதிகாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப மாத்திடு வினோத்" என்றாள். சிவப்பு அணியின் பட்டியலில் மூன்று எண்களின் நிறத்தை மாற்ற வினோத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு கேமை ஆடிப் பார்க்க அவள் போனை வாங்கினான்.

"இன்னாக்கா, இந்த செவப்பு சட்டை யாரு? சேட்டு ஊட்டுப் புள்ள மாதிரி கீறான். நா எங்க?"

"எதிர் டீம்ல."

"எந்த டீம்ல?"

"அஞ்சுலயும்."

அவன் சிரிக்கவில்லை. நீலச் சட்டைக்காரன் கோட்டைத் தாண்டி வந்தான். டில்லிபாபு பொத்தானை அழுத்த, சிவப்பு அணி அவனை மடக்கிப் பிடித்தது. இடது தோள் முதலில் மண்ணில் பட, அவன் விழுந்தான்.

"நானேதான்" என்றான் டில்லிபாபு. அடுத்தவனைப் பிடிக்கத் தயாரானான்.