ஆத்தாவின் தண்டட்டி

ஆத்தா செத்தபின் அவள் காதில் கிடந்த தண்டட்டியை விற்றதில் அய்யம்மாளுக்கு அறுபது ரூபாய் வந்தது. போடியில், மாட்டு முதுகில் மலைச்சரக்கு ஏற்றி இறக்கும் பொதிமாட்டுக்காரன் பெண்டாட்டி ஒருத்தி கையில் அந்தக் காலத்தில் மொத்தமாக அறுபது ரூபாய் இருப்பது சின்ன விஷயமில்லை.

கடன் ஒன்றும் இருந்தது. இரண்டாவது மாடு வாங்க, வட்டிக்குக் கொடுக்கும் பொன்னுமணியிடம் அவள் புருஷன் வீரணன் நாற்பத்தெட்டு ரூபாய் வாங்கியிருந்தான். ரூபாய்க்கு மாசம் ஓரணா வட்டி. ஆக மாசம் மூன்று ரூபாய். அய்யம்மாள் ஏலக்காய் மூட்டைகள் வந்து சேரும் கிட்டங்கியில் காய் பொறுக்கி மாசம் முழுக்கச் சம்பாதிப்பதும் அதே மூன்று ரூபாய்தான். இந்த மூன்றையும் அந்த மூன்றையும் அவள் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீரணன் அன்றைக்கே சொன்னான். "ஏ புள்ள, மொதல்ல பொன்னுமணி கடன அடைச்சுப் போடுவோம். மிச்சம் பன்னெண்டு ரூவா பானைக்குள்ள கெடக்கட்டும். மாடு ஒரு நா படுத்துருச்சுன்னா கஞ்சிக்கு எங்க போறது?"

"எங்காத்தா தங்கத்த அந்த வட்டிக்காரன் பொட்டிக்குள்ள கொட்டச் சொல்றீகளா?" என்றாள் அய்யம்மாள். கடனை அடைப்பது அவளுக்குக் காசைக் கிணற்றில் போடுவது மாதிரி இருந்தது. போட்டால் என்ன முளைக்கும்?

முளைக்கிற இடம் ஒன்றை அவள் அண்ணன் ஜக்கையன் காட்டினான். போடிமெட்டுக்கு மேலே நாலைந்து பேராகச் சேர்ந்து ஏலத்தோட்டம் போடுகிறார்கள். ஐம்பது ரூபாய்க்கு ஒரு பங்கு. மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் பங்குக்கு வருஷம் இருபது ரூபாயாவது கிடைக்கும். ஜக்கையன் ஏமாற்றுகிறவன் இல்லை. அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

வீரணன் மறுபடி வாயைத் திறந்தபோது அவள் ஒரு வார்த்தை சொன்னாள். "மாட்டு வாலப் புடிச்சே சாகணும்னு ஒங்க தலையில எழுதியிருந்தா, எந் தலையிலயுமா எழுதியிருக்கு?" அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். ஐம்பது ரூபாய் பங்குக்குப் போயிற்று. நாற்று வாங்க இன்னும் பத்து வேண்டுமென்று அண்ணன் கேட்டதும் அதுவும் போயிற்று.

கிட்டங்கிப் பெண்கள் அவளைத் 'தோட்டக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் உட்காரும் ராக்கு கேலியாகத்தான் கூப்பிட்டாள். அய்யம்மாளுக்கு அது பட்டமாகவே காதில் விழுந்தது. காய் புடைக்கும் சுளகைப் பிடிக்கும் கை கூடக் கொஞ்சம் மிடுக்காகிவிட்டதாம். பொன்னுமணியும் ரொம்பப் பதவிசு. "அசலுக்கு என்ன அவசரம் தாயி, வட்டி வந்தாப் போதும்" என்பான். ஏன் சொல்லமாட்டான்? வருஷம் முப்பத்தாறு ரூபாய் உட்கார்ந்த இடத்தில் காய்க்கிற தோட்டம் அவனுக்கு இவர்கள் வீடுதான்.

அடுத்த வருஷம் அடைமழையில் கோமாரி வந்தது. இரண்டு மாட்டுக்கும் வாயெல்லாம் புண், குளம்பெல்லாம் புண். மலை ஏறுவது இருக்கட்டும், எழுந்து நிற்கவே முடியவில்லை. சாகாது, இரண்டு மாசம் கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டால் தேறிவிடும் என்றார் மாட்டு வைத்தியர். அந்த இரண்டு மாசத்துக்குத்தான் வீட்டில் காசில்லை. மாடு நடந்தால்தான் கூலி. பானையைத் தட்டினால் பானைச் சத்தம்தான் வந்தது.

அய்யம்மாளின் மூன்று ரூபாய் கஞ்சிக்கே போனதால் முதல் மாச வட்டி நின்றது. இரண்டாம் மாசமும் நின்றது. பொன்னுமணியின் பதவிசு எங்கோ போய்விட்டது. "வட்டி தர வழியில்லன்னா மாட்ட அவுத்துக் குடு" என்று வாசலில் நின்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்துக் கிட்டங்கி முற்றத்தில் மலையிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கின. அய்யம்மாள் பராக்காக நிமிர்ந்தாள். மாடுகளுக்குப் பின்னால் ஓர் ஆள் தலையில் மூட்டையோடு வந்துகொண்டிருந்தான். சும்மாடு நனைந்து நெற்றியில் தண்ணீர் வழிந்தது. வீரணன்!

மற்றவன் மாட்டுக்குப் பின்னால், மாட்டுக்குப் பதிலாக அவன் மலையிறங்கி வந்திருந்தான். ராக்கு பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். யாரும் 'தோட்டக்காரி' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அய்யம்மாள் முகத்தைச் சுளகுக்குள் கவிழ்த்துக்கொண்டாள். மாட்டு வாலைப் பிடித்தே சாகச் சொன்ன வாய் அவளுடையது. இன்றைக்கு அவனுக்குப் பிடிக்க வால்கூட இல்லை.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் ஓடினாள். "பங்க நீயே எடுத்துக்க அண்ணே. போட்ட காசக் குடு."

ஜக்கையன் கண் கலங்கிவிட்டான். "காசு எங்க தாயி இருக்கு? அம்புட்டும் மண்ணுக்குள்ள கெடக்கு. செடி காய்க்காம நான் எங்கிட்டுப் பொரட்டுவேன்?"

காய்க்காத தோட்டத்துப் பங்கைக் காசு கொடுத்து வாங்க ஊரில் ஒரே ஆள்தான் இருந்தான். அவன் வாசலுக்கே போனாள். அறுபது ரூபாய் இறங்கிய பங்குக்குப் பொன்னுமணி முப்பத்தாறு என்றான். நின்றுபோன வட்டிக்கு ஆறு, அசலில் இருபது என்று கழித்துக்கொண்டு மிச்சம் பத்தை எண்ணி வைத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

அந்தப் பத்தில் மாடுகள் பிழைத்தன. கடன் இருபத்தெட்டாகக் குறைந்ததால் வட்டியும் மாசம் ஒன்றே முக்கால் ரூபாயாகக் குறைந்தது. வட்டியில் மிச்சமான காசை அசலிலேயே கட்டினாள். கட்டக் கட்ட வட்டி இன்னும் இளைத்தது. இரண்டு வருஷத்துக்குள் கடன் தீர்ந்தது. அப்புறம்தான் பானைக்குள் காசு விழுந்தது. வீரணன் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைதிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

பிறகு ஒரு நாள் அந்தத் தோட்டத்து முதல் காய் இறங்கியது. கொண்டுவந்தது வீரணனின் மாடுகள்தான். மூட்டையை அவிழ்த்து அவள் சுளகில் கொட்டினார்கள். பச்சை மாறாத பருங்காய். வெடித்தது, சூம்பியது எதுவுமே இல்லை. ஆத்தாவின் தண்டட்டி இப்படித்தான் காய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ராக்கு ஒரு காயை எடுத்து முகர்ந்தாள். "ஏத்தா, இது ஒங்க தோட்டமுல்ல? இத ஏன் வித்தீக?"

முற்றத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த வீரணன் முந்திக்கொண்டான். "நான்தான் தாயி வித்தேன். எனக்கு மலைத் தோட்டமெல்லாம் சரிப்படாதுன்னு பிடிவாதம் புடிச்சேன். எம் பொஞ்சாதி விக்க வேணாம் வேணாம்னுதான் சொல்லுச்சு."

பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கூறுகெட்ட மனுஷன் என்றாள் ஒருத்தி. கேட்ட உடனே வந்த பதில் அது. இத்தனை நாளும் ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கிறான் என்று அய்யம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூட்டையை மட்டுமா அவன் சுமந்தான்?

அவள் எழுந்தாள். மடியிலிருந்த சுளகு சரிந்து காய் தரையில் சிதறியது.

"அவுக சொல்றது பொய்" என்றாள். "கடன அடைன்னாக. கையில கொஞ்சம் வையின்னாக. நான்தான் கேக்கல. அவுக தலையில மூட்டைய ஏத்துனது நான்தான்."

வீரணன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், குனிந்து, சிதறிய காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள் சுளகில் போட ஆரம்பித்தான்.