ரெண்டு மீன்

மொழியியல் துறைக்குப் புதிதாக வந்த விரிவுரையாளருக்கு அன்று வகுப்பு தொடக்கத்தில் கரும்பாய் இனித்தது. முதலாண்டு மாணவர்களைக் கழுத்தில் கைவைக்கச் சொல்லி ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்று சொல்ல வைத்தாள். முதல் ‘க’வில் தொண்டை அதிரவில்லை, தங்கத்தில் அதிர்ந்தது, பகலிலோ காற்று முழுசாக அடைபடாமல் உரசிக்கொண்டே வெளியேறியது.

ஒலி மூன்றானாலும் ஒன்று வரும் இடத்தில் மற்றது வராது, மாற்றிச் சொன்னாலும் பொருள் மாறாது. எனவே ஒலியன் ஒன்றுதான், மூன்றும் அதன் மாற்றொலிகள் என்று விளக்கினாள். ஓர் ஒலியை மாற்றியதும் பொருளே மாறினால் அவை தனித்தனி ஒலியன்கள் என்றாள். அதற்குச் சான்றாக ஒரு சொல்லிணையை எழுதிக்கொள்ளச் சொல்லி, ‘வாழை, வாளை’ என்றாள்.

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் ‘வக்கீல்’ என்று பெயர் வாங்கிய மாணவன் கையை உயர்த்தினான்.

“மேடம், ரெண்டு மீனா எழுதணும்?”

பார்த்தால், பாதி வகுப்பு ‘வாளை, வாளை’ என்று மீனையே இரண்டு முறை எழுதியிருந்தது. அவளுக்குக் காது சிவந்தது. ஊரில் அவள் பேச்சில் ‘ழ’ என்றைக்கோ ‘ள’வோடு குடித்தனம் போய்விட்டதை வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை, அவர்களும் அப்படித்தானே பேசினார்கள்.

ஒரு கணம் மழுப்பலாமா என்று நினைத்தாள். பிறகு சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, வக்கீலை முன்னால் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள். அவன் நெஞ்சை நிமிர்த்தி இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னான். ‘ள’வில் வளைந்த நாக்கு மேலண்ணத்தைத் தொடுகிறது, காற்று பக்கங்களில் நழுவுகிறது, அதனால் அது மருங்கொலி. ‘ழ’வில் நாக்கு வளைகிறது, ஆனால் தொடுவதில்லை. அவன் வாயை வைத்தே இதைக் காட்டினாள்.

“இவர் பேச்சுல இது ரெண்டு ஒலியன். என் பேச்சுல ஒண்ணுதான். எழுத்துல ரெண்டு இருக்குங்கறதுக்காக என் வாயிலயும் ரெண்டு இருந்தாகணும்னு இல்ல. யாரோட பேச்சுன்னு கேக்காம ஒலியனை எண்ணக் கூடாது. எழுதிக்கோங்க.”

வகுப்பு மளமளவென்று எழுதியது. வெற்றிக் களிப்பில் வக்கீல் இருக்கைக்குத் திரும்பினான். ஜன்னலோரம் போய் உட்கார்ந்ததும் வெளியே பார்த்துவிட்டு நண்பனை இடித்தான்.

“டேய், மளை வருதுடா. நல்லவேளை, குடை கொண்டாந்தேன்.”

பேனாக்கள் நின்றன. அவன் மெல்லத் திரும்பி, தன்னையே பார்த்துக்கொண்டிருந்த வகுப்பைக் கண்டான்.

“வக்கீல் சாருக்கு நிதானமாப் பேசினா ரெண்டு, அவசரத்துல ஒண்ணு,” என்றாள் விரிவுரையாளர். “இதையும் எழுதிக்கோங்க. பரீட்சைக்குக் கேப்பேன்.”

அவனே முதலில் சிரித்தான். மணி அடித்தபின், குடை இல்லாத அவளுக்குத் தன் குடையை நீட்டினான்.