எம்புட்டு தூரம்

கல்லூரிப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க அன்று மாலையே கெடு. "கோர்ஸ் பேரைச் சொல்லாதே. எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கணும், முதல்ல அதைச் சொல்லு" என்று ஓவியா சாட்பாட்டிடம் கேட்டாள். விருப்பம், வேலைவாய்ப்பு, கட்டணம், வீட்டுக்கு அருகில் இருப்பது என்று அது சொன்னதை வாய்விட்டு வாசித்தாள்.

பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்து, விரலில் ஒட்டிய வெள்ளி நிற வெடிமருந்தைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா மாடத்தி வெடுக்கென்று நிமிர்ந்தாள். "பக்கத்துல இருந்தா நல்லதுன்னு அதுக்கு யாரு சொன்னா? கேளு."

ஓவியா கேட்டாள். "நீங்கள் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். நீக்கிவிடவா?" என்று கூசாமல் ஒப்புக்கொண்டது.

அம்மா வெளியூருக்கு விடமாட்டாள் என்றுதான் ஓவியாவும் நினைத்திருந்தாள்.

"நீக்க வேணாம்" என்றாள் மாடத்தி. "எம்புட்டு தூரமோ அம்புட்டு மார்க் போடச் சொல்லு. கம்பெனி வெடிச்ச சத்தம் கேட்டு என்னைத் தேடி ஓடி வர்ற தூரத்துல நீ இருக்கக் கூடாது."