மாவுக்குக் கூட்டாளிகள்

முதல் மாதம் இட்லி மாவு விற்றதில், அரிசி உளுந்துச் செலவு போக எட்டாயிரம் நின்றது. அக்கா கோமளா நாலாயிரத்தை என் கையில் திணித்தாள். அவள் அரைக்கிறாள், நான் இந்த வடக்கத்தி ஊரின் கிட்வாய் நகரில் மாடி மாடியாக ஏறி விற்கிறேன். உழைப்பு சமம், பங்கும் சமம் என்று பேசியிருந்தோம்.

அப்போதுதான் காலண்டருக்குப் பின்னால் அவள் செருகியிருந்த கரண்ட் பில் கண்ணில் பட்டது. கிரைண்டர் ஓடி, இலவசமான இருநூறு யூனிட்டைத் தாண்டியதால், இதுவரை வராத பில் எண்ணூறு ரூபாய்க்கு வந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா மறைச்சே?"

"சோடுடீ, விட்டுத் தள்ளு. தங்கச்சிகிட்ட என்ன கணக்கு?"

"கரண்ட்டுக்கு எண்ணூறு. உன் காசுல வாங்கின கிரைண்டருக்கு வாடகை அறுநூறு. ரெண்டையும் நீ எடுத்துக்கோ. மிச்சத்துல பாதி மூவாயிரத்து முந்நூறு, அதுதான் என்னுது."

எழுநூறை எண்ணி அவள் மடியில் வைத்தேன். "பொங்கலுக்குப் புடவை எடுத்துக் குடு, தங்கச்சியா வாங்கிக்கிறேன். இது வியாபாரம்."

அப்போது மாவு வாங்க வந்த புது பஞ்சாபி அம்மாள் என்னைக் காட்டி, "யே கோன் ஹை?" என்று யாரெனக் கேட்டாள்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, 'என்' என்பதை அழுத்தி இந்தியிலேயே சொன்னாள்.

"மேரி பார்ட்னர்."